எம்.ஏ.-1 பாம்பர் ஜாக்கெட்டை முதல் படத்தில் இருப்பவருக்கு அணிவிப்பதற்கான பிராம்ப்ட்

இத்துடன் இரண்டு படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. முதல் படத்தில் மொட்டைமாடிச் சுவர் ஓரம் நிற்கும் இளைஞருக்கு, இரண்டாம் படத்தில் ஹேங்கரில் தொங்கும் அதே பச்சை ஜாக்கெட்டை அணிவித்து, ஒரே ஒரு படத்தை உருவாக்கவும். ஜாக்கெட்டை அணிந்துகொண்டுதான் அவர் அந்த இடத்தில் நின்றார், அப்போதே கேமரா அவரைப் படம் பிடித்தது என்று பார்ப்பவர் நம்பும்படி அது இருக்க வேண்டும். திருப்பூரில் உள்ள எங்கள் சிறிய தையல் யூனிட் தைத்து விற்கும் ஜாக்கெட் இது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் பணம் கட்டுவார். ஆகவே எங்கள் ஜாக்கெட்டில் இல்லாத ஒரு தையல்கூடப் படத்தில் தோன்றக்கூடாது. இருக்கும் ஒரு பாக்கெட்கூட விடுபடக்கூடாது.

ஜாக்கெட்டின் வடிவம், நிறம், துணி, தையல், பாக்கெட், ஜிப் ஆகிய அனைத்துக்கும் இரண்டாம் படமே ஆதாரம். முகம், உடல்வாகு, நிற்கும் நிலை, கைகள், பேன்ட், பின்னணி, வெளிச்சம், கேமராவின் கோணம் ஆகிய அனைத்துக்கும் முதல் படமே ஆதாரம். இரண்டு படங்களிலும் தெரியாதவற்றுக்கும், படத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று நான் வெளிப்படையாகச் சொல்பவற்றுக்கும் மட்டும் கீழே எழுதியுள்ள விவரங்களைப் பின்பற்றவும். மற்றபடி என் விவரிப்பும் படமும் ஏதேனும் ஓரிடத்தில் முரண்படுவதுபோல் தோன்றினால் படத்தையே ஏற்கவும்.

முதல் படத்தில் இருப்பவர் 27 வயதுடையவர். எங்கள் யூனிட்டில் பணிபுரிபவர். இந்தப் பயன்பாட்டுக்கு எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறார். அவருடைய முகத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. இடது புருவத்தின் நடுவே உள்ள சிறு தழும்பு, வலது கன்னத்து மச்சம், மேலுதட்டை லேசாக மறைக்கும் மீசை, தாடையோரம் அடர்த்தி குறைந்து வளர்ந்திருக்கும் தாடி, காதோரம் சற்றே கலைந்திருக்கும் முடி ஆகியவை அப்படியே இருக்க வேண்டும். அவருடைய தோல் கருமை கலந்த மாநிறம். அதை ஒரு சாயல்கூட வெளுக்கச் செய்யக்கூடாது, மெருகூட்டக்கூடாது, தோலின் நுண்துளைகளை மழுங்கடிக்கவும் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆடை மாற்றப்பட்ட படங்களில் நம் ஊர் முகங்கள் வெளுத்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வேறொருவருடைய முகமாகிவிட்ட படத்தை அவர் தன் வீட்டாரிடம் எப்படிக் காட்டுவார்? தோள்களின் அகலம், கழுத்தின் நீளம், இடுப்பின் சுற்றளவு ஆகியவற்றையும் ஜாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றக்கூடாது; ஜாக்கெட்தான் அவர் உடலுக்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

இனி ஜாக்கெட். இது 1950-களில் அமெரிக்க விமானப்படையில் புழக்கத்துக்கு வந்த எம்.ஏ.-1 வகை பாம்பர் ஜாக்கெட்டின் வடிவில் தைக்கப்பட்டது. முந்தைய விமானி ஜாக்கெட்டுகளில் இருந்த ரோமக் காலர் பாராசூட் வார்களுக்கு இடையூறாக இருந்ததால், இவ்வகையில் அது நீக்கப்பட்டுப் பின்னப்பட்ட ரிப் காலர் வைக்கப்பட்டது. எனவே கழுத்தைச் சுற்றி உருளையாக, தாழ்வாகப் படிந்திருக்கும் ரிப் காலர் மட்டுமே இருக்க வேண்டும். சட்டைக் காலர் போல மடிந்த கூர்முனைக் காலரோ, தலைமூடியோ, ரோமமோ இதற்குக் கிடையாது. காலர், மணிக்கட்டுப் பட்டிகள், இடுப்புப் பட்டி ஆகிய மூன்றும் திருப்பூரிலேயே பின்னப்பட்ட ரிப் துணி. அவற்றின் நெடுக்குவரிகள் நுணுக்கமாகத் தெரிய வேண்டும். ரிப்பின் பச்சை, உடல் துணியின் பச்சையைவிடச் சற்றுக் கருத்தது. இந்த வேறுபாட்டைச் சரிசெய்து ஒன்றாக்கிவிட வேண்டாம், ரிப்பின் நூலும் உடல் துணியின் நைலானும் சாயத்தை வெவ்வேறு விதமாக ஏற்பதால் வரும் இயல்பான வேறுபாடு அது.

உடல் துணி நெருக்கமாக நெய்யப்பட்ட நைலான். அதன் நிறம் சாம்பல் கலந்த பச்சை. பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ #5F6650 என்ற அளவில் இருக்கும். நைலானின் பளபளப்பு மங்கலானது: மடிப்புகளின் மேடுகளில் மட்டும் மென்மையான ஒளிக்கோடாகத் தெரியும், பள்ளங்களில் அடங்கிவிடும். தோல் ஜாக்கெட் போன்ற எண்ணெய் மினுக்கோ, பருத்தித் துணி போன்ற ஒளியற்ற மந்தமோ வரக்கூடாது. உள்ளே மெல்லிய பஞ்சுப் படுகை இருப்பதால் மடிப்புகள் கூராக ஒடியாமல் உருண்டு மடியும். துணி எது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது நிறத்தைவிட இந்த மடிப்புகளே என்பதால், இதில் கூடுதல் கவனம் தேவை.

அணிபவரின் இடது மேற்கையில் ஒரு பாக்கெட் உண்டு. படத்தில் அது நமக்கு வலப்பக்கமாகத் தெரியும் கை. வலது கைக்கு இந்தப் பாக்கெட் மாறிவிடக்கூடாது. அதன் வாயில் சாய்வாக ஓடும் வெள்ளி நிற உலோக ஜிப் உள்ளது. பாக்கெட்டின் மேலே பேனா செருகுவதற்கான குறுகிய தடங்கள் தைக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் இரண்டாம் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளவும். முன்புறத்தில் இடுப்புக்குச் சற்று மேலே, இருபுறமும் ஒரே சாய்வில், பிரஸ் பட்டன் வைத்த மூடியுடன் இரண்டு பாக்கெட்டுகள் உள்ளன. மார்பும் தோள்களும் முழுக்க வெறும் துணியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படத்தில் ஜிப் முக்கால் பங்கு மூடியிருக்கிறது. கழுத்தருகே மட்டும் உள் லைனிங் சிறிது தெரிகிறது. உருவாக்கப்படும் படத்தில் ஜாக்கெட் முழுவதும் திறந்திருக்க வேண்டும். திறந்த ஜிப்பின் ஓட்டி கழுத்தருகே நிற்காது, அடிமுனையில்தான் இருக்கும். எனவே அதை இடுப்பு ரிப்பை ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் காட்டவும். ஜிப்பின் பற்கள் இருபுற ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் செல்ல வேண்டும். அணிபவரின் இடப்பக்க முன்பாதியில் ஜிப்பை ஒட்டி உட்புறமாக, அதே பச்சை நைலானில் தைத்த காற்றுத் தடுப்புப் பட்டி ஒன்று உள்ளது. அதன் ஓரம் மெல்லிதாகத் தெரிந்தால் போதும். லைனிங் அழுத்தமான ஆரஞ்சு நிறம், ஏறத்தாழ #DD5F22. விபத்துக்குள்ளாகித் தரையிறங்கிய விமானி ஜாக்கெட்டைப் புரட்டி அணிந்தால் தேடி வருவோர் கண்ணில் தொலைவிலிருந்தே படவேண்டும் என்பதற்காக இவ்வகை ஜாக்கெட்டில் பின்னாளில் சேர்க்கப்பட்ட நிறம் இது. ஆகவே பழுப்பாகவோ செங்கல் நிறமாகவோ அதை அடக்கிவிடக்கூடாது. ஆயினும் திறந்த முன்புறத்தில் இருபக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் லைனிங் தெரியத் தேவையில்லை.

உள்ளே அவர் ஏற்கெனவே அணிந்திருக்கும் வெள்ளைப் பருத்திச் சட்டை அப்படியே இருக்கட்டும். சட்டையின் காலர் ரிப் காலருக்கு உட்புறமாக அமைந்து, அதன் இரு முனைகளும் மேலே தெரிய வேண்டும். மேல் பட்டன் திறந்திருப்பது, பட்டன்களின் வரிசை, மார்புப் பாக்கெட்டில் தெரியும் பகுதி ஆகியவை முதல் படத்தில் உள்ளபடியே தொடர வேண்டும்.

ஜாக்கெட்டின் தோள் தையல் அவருடைய தோள் எலும்பின் முனையைத் தாண்டி ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். இது தளர்வான அளவு என்பதால் அந்த இறக்கம் சரியானதே. இடுப்பு ரிப் அவருடைய பெல்ட்டை மட்டும் மறைத்து நிற்க வேண்டும், தொடை வரை இறங்கக்கூடாது. ரிப் இடுப்பைப் பிடித்துக்கொள்வதால் அதற்கு மேலுள்ள துணி சற்றே உப்பி வெளியே தள்ளும். பாம்பர் ஜாக்கெட்டுக்கு அதன் தோற்றத்தைத் தருவது அந்த உப்பல்தான், அதை இழுத்து நேராக்கிவிட வேண்டாம்.

அவர் உடலை நமக்கு இடப்பக்கமாகச் சற்றே திருப்பி நிற்பதால் இடது தோள் கேமராவுக்கு அருகில் உள்ளது. அந்தக் கை தளர்வாகத் தொங்குகிறது. அதன் முழங்கை உட்புறத்தில் இரண்டு மூன்று மென்மையான மடிப்புகளும், மணிக்கட்டு ரிப்புக்கு மேலே துணி சேர்ந்து நிற்கும் சிறு திரட்சியும் இருக்க வேண்டும். முதல் படத்தில் முழங்கை வரை சுருட்டியுள்ள சட்டைக் கை இப்போது ஜாக்கெட்டுக்குள் இருப்பதால், முழங்கைப் பகுதி சற்றுத் தடிப்பாகத் தெரிவது இயல்பு. ரிப் மணிக்கட்டு எலும்பின் மேல் முடிந்து, கைக்கடிகாரத்தின் வட்டத்தில் பாதியை மட்டும் மறைக்க வேண்டும். மீதிப் பாதியும் கறுப்புத் தோல் பட்டையும் வெளியே தெரிய வேண்டும். வலது கையின் கட்டைவிரல் மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்கு வெளியே உள்ளது. அந்த நிலையை மாற்றாமல், மணிக்கட்டு அழுத்துவதால் ஜாக்கெட்டின் வலப்பக்க ஓரம் பின்னோக்கி ஒதுங்குவதைக் காட்டவும்; லைனிங் அங்கே மட்டும் இன்னும் சிறிது கூடுதலாகத் தெரியலாம். வலது மணிக்கட்டில் கட்டியுள்ள கறுப்புக் கயிறு ரிப்புக்குள் மறைந்துவிடும். அதை வேறிடத்துக்கு மாற்றிக் காட்ட வேண்டாம். இரு கைகளிலும் விரல்களின் எண்ணிக்கையும் வடிவமும் முதல் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

முதல் படம் காலை வெயிலில், நமக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி விழும்போது எடுக்கப்பட்டது. இரண்டாம் படம் யூனிட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டதால் அதில் துணி சற்று நீலமாகத் தெரிகிறது. அந்த நீலத்தையும், அங்கே விழுந்துள்ள நிழல்களையும் எடுத்து வர வேண்டாம். ஜாக்கெட்டின் வலது தோளும் வலப்பக்க முன்புறமும் வெயிலில் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். கேமராவை நோக்கிய இடது கை ஓரளவு நிழலில் இருந்தாலும், பாக்கெட்டின் ஜிப் தெளிவாகப் புலப்பட வேண்டும். தாடையின் நிழல் காலர் மீதும், ஜாக்கெட் ஓரத்தின் நிழல் வெள்ளைச் சட்டை மீதும், லைனிங்கின் ஆரஞ்சுச் சாயல் மிக மிக லேசாகச் சட்டையின் ஓரத்திலும் விழ வேண்டும். அவருக்குப் பின்னால் சுவரில் விழும் நிழலின் விளிம்பும் ஜாக்கெட்டின் பருமனுக்கு ஏற்பத் தோள், கைப் பகுதிகளில் அகல வேண்டும். இந்த நிழல் பழையபடியே நின்றுவிட்டால் ஜாக்கெட் வெட்டி ஒட்டியது போலாகிவிடும்.

இரண்டாம் படத்தில் உள்ள ஹேங்கர், கழுத்தில் தொங்கும் விலை அட்டை, மடித்து வைத்ததால் மார்பின் குறுக்கே விழுந்திருக்கும் நேர்க்கோட்டு மடிப்பு, பின்னால் தெரியும் துணிக் கட்டுகள் ஆகிய எதுவும் புதிய படத்தில் இடம்பெறக்கூடாது. சாம்பல் நிறச் சுவரில் உள்ள விரிசலும் தண்ணீர்க் கறையும் இருக்கட்டும்; அவற்றைத் துடைத்துப் புதுச்சுவராக்க வேண்டாம்.

படம் செங்குத்தாக, முதல் படத்தின் அதே சட்டகத்தில், 1536 × 2048 பிக்சல் அளவில், தலைமுடிக்கு மேல் உள்ள இடைவெளியும் முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டப்பட்டுள்ள கீழ் எல்லையும் மாறாமல் இருக்க வேண்டும். எழுத்தோ சின்னமோ வாட்டர்மார்க்கோ சேர்க்காமல், ஒப்பிடுவதற்கான இரட்டைப் படமாக அல்லாமல், ஒற்றைப் படமாக PNG கோப்பில் தரவும்.