லிஃப்ட் பழுதுகள் குறித்துச் சொசைட்டி செயலாளருக்குப் புகார்க் கடிதம்

செம்பூர் கிழக்கு, மும்பை
14 செப்டம்பர் 2025

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நிர்வாகக் குழு, கூட்டுறவு வீட்டுவசதிச் சொசைட்டி.
நகல்: தலைவர், பொருளாளர்.

பொருள்: நம் கட்டடத்து லிஃப்டில் மார்ச் முதல் திரும்பத் திரும்ப ஏற்படும் பழுதுகள், 28-ஆம் தேதி ஆண்டுப் பொதுக்குழுவில் இதை விவாதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு எண் 602-இல் குடியிருக்கும் கோமதி எழுதுகிறேன். நீங்களும் பொருளாளரும் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்ற உறுப்பினர்களுக்காக இதன் மராத்தி நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குத் தனியே கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதங்களாக இதைப் பற்றி உங்களிடம் படிக்கட்டிலும் கேட்டிலும் காய்கறி வண்டி அருகிலும் நின்று பேசியாயிற்று. ஒவ்வொரு முறையும் "மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார்" என்பதே பதில். அவர் வந்து பார்த்தது உண்மைதான். பார்த்து என்ன எழுதினார் என்பதை யாரும் படிக்கவில்லை என்பதே என் புகார். வாட்ச்மேன் மேசையில் இருக்கும் கோப்பில் அவருடைய சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. போன வாரம் இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து அவற்றைப் பிரதி எடுத்தேன். என் நாட்குறிப்போடு ஒப்பிட்டுக் கீழே தந்திருக்கிறேன். எல்லாத் தேதிகளும் இந்த ஆண்டினவை.

| எண் | பழுதான தேதி | என்ன பழுது | மெக்கானிக் வந்த தேதி | செய்த வேலை | பில் | இன்றைய நிலை |
|---|---|---|---|---|---|---|
| 1 | மார்ச் 12 | 4, 6-ஆம் தளங்களில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறது | மார்ச் 13 | பிரேக் சரிசெய்யப்பட்டது | இல்லை | நான்கு வாரத்தில் மீண்டும் வந்தது |
| 2 | ஏப்ரல் 10 | அதே பழுது | ஏப்ரல் 12 | மறுபடி பிரேக் சரிசெய்யப்பட்டது | இல்லை | தீரவில்லை |
| 3 | மே 27 | கதவு மூடியும் லிஃப்ட் நகரவில்லை | மே 29 | லிஃப்டின் அடிக்குழியிலிருந்து தண்ணீர் இறைப்பு; தரைத்தளக் கதவு காண்டாக்ட் மாற்றம் | ரூ. 3,400 | ஆகஸ்டில் மீண்டும் வந்தது |
| 4 | ஜூன் 21 | மின்தடையின்போது லிஃப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவரும் ஏ.ஆர்.டி. கருவி வேலை செய்யவில்லை | ஜூன் 23 | சோதனை மட்டும். அதன் பேட்டரியை மாற்றப் பரிந்துரை, மதிப்பீடு ரூ. 14,500 | இல்லை | பேட்டரி மாற்றப்படவில்லை |
| 5 | ஜூலை 19 | 3, 4-ஆம் தளங்களுக்கு இடையே நின்றது. அபாய மணி ஒலிக்கவில்லை | ஜூலை 19 | கன்ட்ரோலர் ரிலே மாற்றம் | ரூ. 2,850 | லிஃப்ட் ஓடுகிறது. மணி இன்றும் ஊமை |
| 6 | ஆகஸ்ட் 19 | குழியில் தண்ணீர். லிஃப்ட் நிறுத்தப்பட்டது | ஆகஸ்ட் 22 | தண்ணீர் இறைப்பு. அதே காண்டாக்ட் மீண்டும் மாற்றம் | ரூ. 3,400 | குழியில் இன்றும் ஈரம் |
| 7 | ஆகஸ்ட் 26 | 2-ஆம் தளக் கதவுப் பூட்டு சிக்கியது | ஆகஸ்ட் 29 | பூட்டு மாற்றம் | ரூ. 1,900 | சரியாக உள்ளது |
| 8 | செப்டம்பர் 8 | 6-ஆம் தளத்தில் தரைமட்ட வித்தியாசம் 7 செ.மீ. | வரவில்லை | எதுவும் இல்லை | இல்லை | தீரவில்லை |

எட்டில் முழுமையாகத் தீர்ந்தது ஒன்றே ஒன்று, ஏழாவது. அதுவும் பிள்ளையார் சதுர்த்தி முடிந்தபின். 501-ஆம் வீட்டுக்காரர்கள் கணபதியைப் படி ஏற்றிக் கொண்டுபோனதை நீங்களே பார்த்தீர்கள். ஒரு கை கொடுத்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன், நன்றி. இந்த ஆறு மாதங்களில் லிஃப்ட் முழுதாக நின்றிருந்தது எட்டு நாள்கள்தான். ஆகவே "எப்போதும் நிற்கிறது" என்று மிகைப்படுத்த மாட்டேன். நிற்பதைவிட, இந்த நிலையில் ஓடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் தண்ணீர். மே மாதம் கேட்டபோது, "இந்த வருடம் மழை மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்" என்றீர்கள். மழை முந்தியது மும்பைக்கே தெரியும். ஆனால் மார்ச் 13-ஆம் தேதிச் சீட்டைப் பாருங்கள். பிரேக் பற்றி எழுதியதற்குக் கீழே, பென்சிலில், "குழியில் ஈரம், சுவர் வழியாக" என்று ஒரு வரி இருக்கிறது. மார்ச் மாதம் செம்பூரில் ஏது மழை? குழியின் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது நம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மழை நாளில் தெருவிலிருந்து தண்ணீர் இறங்குவது ஒன்று. ஆண்டு முழுக்கத் தொட்டியிலிருந்து கசிகிறதா என்பது வேறு கேள்வி. அதை ஒரு பிளம்பர் ஒரே நாளில் சொல்லிவிடுவார்: தொட்டி வால்வுகளை இரவு மூடிவைத்து, யாரும் தண்ணீர் எடுக்காமல் மட்டம் குறைகிறதா என்று காலையில் பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் அதே காண்டாக்டை இரண்டு முறை மாற்றி ரூ. 6,800 கொடுத்திருக்கிறோம். கசிவு தொட்டியிலிருந்துதான் என்றால், நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பிரேக். நம் லிஃப்ட் பழைய வகை. தளத்தில் மட்டமாக நிற்பது பெரும்பாலும் பிரேக்கின் பிடியைப் பொறுத்தது. பிரேக்கின் லைனிங் தேய்ந்தால் பாரம் கூடும்போது வழுக்கி இறங்கும்; திருகை முறுக்கினால் சில வாரம் பிடிக்கும், பிறகு பழைய கதைதான். செப்டம்பர் 8-ஆம் தேதி நான் தையல் டேப் வைத்து அளந்தேன். தனியாகப் போனபோது 3 செ.மீ.; நான்கு பேர் ஏறிப் போனபோது 7 செ.மீ. கூண்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் 6 பேர், 408 கிலோ என்று இருக்கிறது. ஆறு பேர் ஏறினால் எவ்வளவு இறங்கும் என்று அளந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. 78 வயதான என் மாமியார் அந்த ஏழு சென்டிமீட்டரில் கால் தடுக்கி கிரில் கதவைப் பிடித்துக்கொண்டார், விரலில் காயம். அன்றிலிருந்து அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுண்ணாம்புக்கட்டியால் வாசலில் ஒரு கோடு போட்டு "இதைத் தாண்டிக் காலை வையுங்கள்" என்று சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 19 பற்றி விரிவாக எழுதாமல் விட முடியாது. அன்று உள்ளே இருந்தது நானும் ஏழாம் தளத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் பையனும். மணியை அழுத்தினால் சத்தமே இல்லை. கையிலிருந்த எவர்சில்வர் டிபன் கேரியரால் கிரில்லைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வாட்ச்மேன் வந்தார். மூன்றாம் தளத்துக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, "குதித்துவிடுங்கள், நான் பிடிக்கிறேன்" என்றார். கூண்டு தளத்துக்கு மேலே பாதி உயரத்தில் நிற்கிறது. அதன் அடியில் திறந்த பள்ளம். குதித்துக் கால் சறுக்கினால் மூன்று மாடி கீழே குழிதான். நல்ல மனதோடுதான் சொன்னார்; அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷின் ரூமில் மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும், பிறகு பயிற்சி உள்ளவர் கையால் சுழற்றிக் கூண்டைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெஷின் ரூம் சாவி எங்கே இருந்தது? பொருளாளர் வீட்டு அலமாரியில். பொருளாளர் எங்கே இருந்தார்? புனேயில் ஒரு கல்யாணத்தில். நாற்பது நிமிடம். அந்தப் பையன் அழவில்லை, "மாமி, மூச்சு தீர்ந்துபோய்விடுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். கிரில் கதவில் காற்று வரும் என்று சொன்னேன். அவன் இப்போது ஏழு மாடியும் படியில்தான் ஏறுகிறான்.

இனி பணம். நான்கு பில்களுக்கு இதுவரை ரூ. 11,550 கொடுத்திருக்கிறோம். "நிதி இல்லை" என்று தள்ளிவைத்த பேட்டரிக்கு ரூ. 14,500. வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரி பாகங்கள் அடங்குமா, பிரேக் லைனிங் அடங்குமா என்பது எந்த உறுப்பினருக்கும் தெரியாது. ஒப்பந்தத்தை யாரும் பார்த்ததில்லை. தரைத்தளத்தார் லிஃப்டுக்காகக் கூடுதலாகப் பணம் தரமாட்டோம் என்கிறார்கள் என்று காரணம் சொன்னீர்கள். மகாராஷ்டிர மாதிரி உபவிதிகளின்படி, லிஃப்ட் உள்ள கட்டடத்தின் உறுப்பினர்கள், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அதன் செலவைச் சமமாகவே ஏற்க வேண்டும். அது நம் சொசைட்டி பில்லிலேயே மாதம் ரூ. 350 என்று வந்துகொண்டிருக்கிறது. எனவே அந்த வாதத்தை மறுபடி கேட்க விரும்பவில்லை.

28-ஆம் தேதிப் பொதுக்குழு நோட்டீஸில் லிஃப்ட் என்ற சொல்லே இல்லை. வெளிச்சுவர் வண்ணத்துக்கு மூன்று நிறுவனங்களின் மதிப்பீடு இருக்கிறது. சுவர் இன்னும் ஓராண்டு அழுக்காகவே இருக்கலாம் என்பது என் கருத்து.

நாங்கள் கேட்பது இவைதான். ஆறாம் தளத்துப் பழுதுக்கு மெக்கானிக்கை இந்த வாரமே வரவழையுங்கள். பிரேக் லைனிங் மாற்றப்படும்வரை நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று கூண்டில் ஒட்டுங்கள். மணியும் பேட்டரியும் செப்டம்பர் 25-க்குள் சரியாக வேண்டும். மெஷின் ரூம் சாவி வாட்ச்மேன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து, கூண்டு இடையில் நின்றால் என்ன செய்ய வேண்டும், குறிப்பாக என்ன செய்யவே கூடாது என்று இரு வாட்ச்மேன்களுக்கும் காட்டித் தரட்டும். குழியின் கசிவை பிளம்பர் சோதித்த அறிக்கையைப் பொதுக்குழுவில் வையுங்கள். அன்று லிஃப்ட் முதல் விவாதப் பொருளாக இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலையும், 2017-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர லிஃப்ட் சட்டத்தின் கீழ் கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையையும் பார்வைக்குத் தாருங்கள்.

25-ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் சீட்டுகளின் பிரதிகளையும் மாநில அரசின் லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அவர் வந்து லிஃப்டை நிறுத்தச் சொன்னால் முதலில் கஷ்டப்படப்போவது ஆறாம் தளத்தில் இருக்கும் நாங்கள்தான். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

32 வீடுகளில் 17 வீட்டார் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்; அவர்களில் இருவர் தரைத்தளத்தார். கையெழுத்துப் பக்கமும் சீட்டுகளின் பிரதிகளும் இத்துடன் உள்ளன. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இன்னொரு நகலில் தேதியுடன் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோமதி
வீடு எண் 602, ஆறாம் தளம்