செல்வராஜ் அண்ணனுக்கு ஒரு நன்றிக் கடிதம்

வாழப்பாடி,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள செல்வராஜ் அண்ணா,

நேரில் சொன்னால் "அட, விடும்மா" என்று கையை உதறிவிட்டு எடைமேடைப் பக்கம் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் எழுந்து போனாலும் மிச்சம் காகிதத்தில் அப்படியே இருக்கும், எப்போதாவது படித்துத்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை விவசாயிகளுக்குப் பணம் போட நம் ஆலையிலிருந்து அனுப்பும் பேங்க் லிஸ்டில், மரவள்ளிக் கிழங்கு லோடு கொண்டுவந்த இரண்டு ராமசாமிகளின் பாயிண்டையும், அதாவது கிழங்கில் உள்ள மாவுக்கு நீங்கள் அளந்து போட்ட எண்ணை, மாற்றிப் போட்டிருந்தேன். கருமந்துறை ராமசாமியின் லோடு 8 டன் 640 கிலோ, 28 பாயிண்ட். பேளூர் ராமசாமியின் லோடு 7 டன் 920 கிலோ, 23 பாயிண்ட். லெட்ஜரில் ஊர் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை, பெயர் மட்டும்தான். இரண்டு எடைச் சீட்டும் ஒரே கிளிப்பில் இருந்தன. பொங்கலுக்கு முன்னால் பணம் வேண்டும் என்று வாசலில் கூட்டம் வேறு. எப்படி நடந்தது என்பதை இதற்கு மேல் நீட்ட மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்தத் தொகையை நான் அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு டன்னுக்குப் பாயிண்டுக்கு 310 ரூபாய் வீதம் கருமந்துறைக்காரருக்கு வர வேண்டியது 74,995 ரூபாய் சொச்சம். என் லிஸ்டின்படி போயிருந்தால் 61,603தான் போயிருக்கும். 13,392 ரூபாய் குறைவு. பேளூர்க்காரருக்கு 12,276 ரூபாய் கூடுதல். இரண்டையும் கழித்தால் ஆலைக்கு வெறும் 1,116 ரூபாய் வித்தியாசம், அதுவும் ஆலைக்கு லாபமாக! டன் கணக்கு கச்சிதமாக டேலி ஆகியிருக்கும். நாலு லட்சத்துக்கு மேல் போன அன்றைய பட்டுவாடாவில் ஆயிரத்துச் சொச்சத்தை யார் தேடப் போகிறார்கள்? மேனேஜர் கண்ணிலும் படாது, ஆடிட்டர் கண்ணிலும் படாது. பாயிண்டைக் கையால் அளந்த நீங்கள் ஒருவர்தான் அதைப் பார்த்திருக்க முடியும், பார்த்தீர்கள்.

பேளூர்க்காரர் கூடுதலாக வந்ததைத் திருப்பித் தந்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம், நல்ல மனிதர். மலைக்காரர் என்ன செய்திருப்பார்? வெட்டுக் கூலி, லாரி வாடகை எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சியதைப் பார்த்து, "பாயிண்ட்ல அடிச்சுட்டாங்க" என்று நினைத்திருப்பார். அதைச் சொல்வதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவாரா? வந்திருக்க மாட்டார். அடுத்த வருடம் லோடு வேறு ஆலைக்குப் போயிருக்கும். அவர் ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அந்த நாலு பேரும் யார் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? தேன்மொழி என்று ஒருத்தி கணக்கில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த முகம் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் முகம்தான்.

இதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது. நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்று நான் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லோடின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் கை விட்டுக் கிழங்கு எடுப்பீர்கள். மண்ணைக் கழுவி, காம்பை நறுக்கி, 5 கிலோ சரியாக நிறுத்து, அப்புறம் அதே கிழங்கைத் தண்ணீருக்குள் இறக்கி நிறுப்பீர்கள். உள்ளே மாவு கூட இருந்தால் தண்ணீருக்குள்ளும் கனம் நிற்கும், பாயிண்ட் ஏறும். இது படித்தால் வந்துவிடும். ஆனால் முள் நிற்கும் வரைக்கும் நீங்கள் தராசிலிருந்து ஒரு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறீர்களே, அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். விவசாயி தன் கண்ணாலேயே முள்ளைப் பார்க்க வேண்டும், உங்கள் விரல் எங்கேயும் படவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பாயிண்ட் பார்க்கிறவரைச் சந்தேகப்படாத கிழங்கு விவசாயி இந்தச் சேலம் ஜில்லாவில் ரொம்பக் குறைவு. அத்தனை வருடம் சேர்த்து வைத்த அந்தப் பெயர் என்னுடைய ஒரு கிளிப்பால் கெட்டிருக்கும்.

சரி, நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பதுக்கு வருகிறேன். நன்றி சொல்ல வேண்டியது முக்கியமாக அதற்குத்தான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். பெஞ்சில் பணத்துக்காக மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பேளூர் ராமசாமியும் ஒருவர். முதலாளியின் மச்சான் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் வந்து, "தேனு, பேங்க் லிஸ்ட் போயிருச்சா?" என்று கேட்டீர்கள். பேனா கேட்கிற குரல். "இன்னும் இல்லைங்கண்ணா, ரெண்டரைக்குத்தான்" என்றேன். உங்கள் சட்டைப் பையிலிருந்து அந்த ஈரம் பட்டு ஓரம் சுருண்ட பாயிண்ட் நோட்டை எடுத்து என் மேசையில் பிரித்து வைத்தீர்கள். 28 என்ற எண்ணுக்கு நேராகக் கட்டை விரல் நகத்தால் ஒரு கோடு. "மலைக் கிழங்கு, செம்மண்ணு. மழைக்கு முன்னாடியே வெட்டிட்டாரு" என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்ததாக 23க்குக் கீழே ஒரு கோடு. "இது மழை குடிச்ச காடு." அவ்வளவுதான். 'நீ தப்பாப் போட்டிருக்கே' என்று ஒரு வார்த்தை வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு நாம் கிழங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் பட்டிருக்கும். பேளூர்க்காரர் அதற்கு, "எங்க பக்கம் இந்த வாட்டி மழை ஜாஸ்திங்க" என்று பதில்கூடச் சொன்னார்!

நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நீங்களே போய் எடைமேடை அறையிலிருந்து டோக்கன் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற லாரிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் டிபன் கேரியர் நாலு மணி வரைக்கும் திறக்காமல் அப்படியே இருந்ததை நான் பார்த்தேன். இந்த ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் செய்தீர்கள். லெட்ஜரில் நான் வெள்ளை மை எடுக்கப் போனபோது, வாசலிலிருந்தே "கோடு போட்டு அடி, மேல எழுது, கையெழுத்துப் போடு" என்றீர்கள். பழைய எண் தெரிய வேண்டும், யார் திருத்தினார்கள் என்பதும் தெரிய வேண்டும். கமுக்கமாகச் சொல்வதற்கும் மூடி மறைப்பதற்கும் நடுவில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. லெட்ஜரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால் சாயங்காலம் மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன், யார் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்து. உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும், மன்னிக்க வேண்டும். லெட்ஜரில் என் கையெழுத்தோடு ஒரு அடித்தல் இருக்கும்போது, அவர் அதைப் பிறகு பார்த்துக் கேட்பதைவிட நான் முதலில் சொல்வது மேல் என்று பட்டது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பணம் சரியாப் போச்சா?" போய்விட்டது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜிஎஸ்டி ஃபைலுக்குள் போய்விட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தடவை பில்லில் ஒரு சைபர் விட்டுப்போனதற்கு, அதைக் கண்டுபிடித்தவர் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மொத்தம் முப்பது பேர் இருந்த குரூப். தப்பு அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அங்கே யாரும் தங்கள் தப்பைத் தாங்களே சொன்னதில்லை, நானும்தான். எதையாவது கவனித்தாலும் "நமக்கெதுக்கு" என்று பேசாமல் இருந்துவிடுவோம். வியாழக்கிழமை நீங்கள் அப்படி இருந்திருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்க முடியாது. கணக்கு உங்கள் வேலையே இல்லை.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க ஒரு வேலை செய்திருக்கிறேன். லெட்ஜரில் பெயருக்குப் பக்கத்தில் ஊர், டோக்கன் நம்பர் என்று இரண்டு கட்டம் கூட்டியிருக்கிறேன். பேங்க் லிஸ்டிலும் டோக்கன் நம்பர் வரும். நம்மிடம் இப்போது ராமசாமி இரண்டு, பெரியசாமி மூன்று, சின்னப்பொண்ணு இரண்டு இருக்கிறார்கள். ஆனால் டோக்கன் நம்பர் எடைச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் பாயிண்ட் சீட்டில் இல்லை. நீங்கள் பாயிண்ட் எழுதும்போதே டோக்கன் நம்பரையும் மேலே எழுதிவிட முடியுமா? ஈரக் கையோடு கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், தெரியும். வேண்டாம் என்றால் சீட்டுக் கட்டில் நானே காலையில் நம்பர் போட்டுத் தந்துவிடுகிறேன். எது வசதி என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு ஆசை. கிழங்கைப் பார்த்ததுமே இது 28, இது 23 என்று எப்படித் தெரிகிறது உங்களுக்கு? உடைத்துப் பார்ப்பீர்கள், நகத்தால் கீறிப் பார்ப்பீர்கள், சில சமயம் மோந்துகூடப் பார்க்கிறீர்கள். தராசில் போடுவதற்கு முன்பே நோட்டில் பென்சிலால் ஒரு எண் எழுதிவிட்டு, அப்புறம் தராசின் எண்ணைப் பேனாவால் எழுதுகிறீர்கள் என்பதை வியாழக்கிழமைதான் கவனித்தேன். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரு பாயிண்ட்கூட வித்தியாசமில்லை. லோடு குறைவாக வரும் நாளில் எனக்கும் கொஞ்சம் காட்டிக் கொடுங்கள். எண்ணை மட்டும் பார்த்து எழுதுகிறவளுக்கு 82 என்று வந்தாலும் தெரியாது.

பொங்கலுக்கு லீவு முடிந்து வரும்போது அம்மா உங்களுக்கென்று முறுக்கு சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், ஆகவே எடைமேடையிலேயே பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடாமல் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். டோக்கன் விஷயத்தை மட்டும் திங்கட்கிழமை லோடு இறங்குவதற்குள் சொல்லிவிடுங்கள், கட்டம் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும்.

ரொம்ப நன்றி அண்ணா.

இப்படிக்கு,
தேன்மொழி
கணக்குப் பிரிவு