நெஞ்சழுத்தப் பயிற்சி: கையில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கும் பட்டியல்

கோத்தகிரி, தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் சமுதாயக் கூடம். ஞாயிறு காலை 10 மணி முதல் 11.30 வரை. கலந்துகொள்வோர் 12 பேர், பயிற்சி பொம்மைகள் 4.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். ஒருவர் செய்வார், ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்துக் குறியிடுவார், ஒருவர் கடிகாரம் பார்ப்பார். பிறகு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகாது. அதனால் யாருக்கும் விலக்கு இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் பாயை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் நெஞ்சில் அழுத்திப் பழகவே கூடாது. அழுத்துவது பொம்மையில் மட்டும்.

முதல் பகுதி: நெருங்குவதற்கு முன்

☐ நின்று ஒரு முறை சுற்றிலும் பார்த்தேன். அறுந்து விழுந்த மின்கம்பி, வளைவில் வரும் வண்டி, புதருக்குள் காட்டெருமை எதுவும் இல்லை.

☐ மூடிய அறைக்குள் கரி அடுப்பு எரிந்திருந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து, ஆளை வெளியே இழுத்து வந்தேன். (குளிர் மாதங்களில் நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. உள்ளேயே உட்கார்ந்து உதவ முயன்றால் நாமும் விழுவோம்.)

☐ இரண்டு தோளையும் தட்டி, "அண்ணே! கேட்கிறதா? கண்ணைத் திறங்கள்!" என்று உரக்கக் கூப்பிட்டேன். பெண்ணாக இருந்தால் "அக்கா".

☐ அசைவில்லை. ஒருவரைக் கைநீட்டிக் காட்டி, "நீங்கள் 108-க்கு அழையுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள்" என்றேன். "யாராவது அழையுங்கள்" என்று சொன்னால் குறியிட வேண்டாம். யாரும் அழைக்க மாட்டார்கள். தனியாக இருந்தால் நானே அழைத்து, கைபேசியைத் தரையில் வைத்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டேன்.

☐ இடத்தைச் சொல்லிப் பார்த்தேன்: "கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி வரும் சாலை, தேயிலைத் தொழிற்சாலை தாண்டி இரண்டாவது வளைவு, பெரிய கற்பூர மரத்துக்கு எதிரே கீழே இறங்கும் பாதை. ஆள் மயங்கிக் கிடக்கிறார், அசைவில்லை." பிறகு ஒருவரை மேலே சாலைக்கு அனுப்பினேன். மூடுபனியில் வண்டி நம்மைக் கடந்து போய்விடும். டார்ச்சோடு நிற்க ஆள் வேண்டும்.

இரண்டாம் பகுதி: மூச்சு இருக்கிறதா?

☐ நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தேன். 10 விநாடிக்கு மேல் பார்க்கவில்லை. கடிகாரம் பார்ப்பவர் சத்தமாக எண்ண வேண்டும்.

இங்கேதான் மிகுதியாகத் தவறுகிறோம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், கரையில் போட்ட மீனைப் போல் வாய் திறந்து திறந்து மூடும். இடைவெளி விட்டு ஒரு குறட்டை போன்ற ஒலி வரும். அது மூச்சு அன்று. சில ஆண்டுகளுக்கு முன் இலை எடை போடும் கொட்டகையில் ஒரு பெரியவர் சரிந்தார். அந்த ஒலியைக் கேட்டு, "மூச்சு இருக்கிறது" என்று நம்பி, சுற்றி நின்றவர்கள் உள்ளங்காலைத் தேய்த்தார்கள், வெந்நீர் புகட்டப் பார்த்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அப்போது எனக்கும் தெரியாது. நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நமக்கு வர வேண்டிய வண்டியோ மலை ஏறி வர வேண்டும்.

☐ "அசைவில்லை, சரியான மூச்சில்லை, தொடங்குகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

☐ தண்ணீர் ஊற்றவில்லை, தூக்கி உட்கார வைக்கவில்லை, உள்ளங்கால் தேய்க்கவில்லை.

மூச்சு சீராக இருந்து நினைவு மட்டும் இல்லை என்றால் அழுத்தக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இதை மட்டும் ஒருவர்மேல் ஒருவர் செய்து பழகலாம்.

மூன்றாம் பகுதி: அழுத்தம் (பாதி நேரம் இதற்கே)

☐ கெட்டியான, சமமான தரையில் மல்லாத்தினேன். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தேயிலை வரிசைக்கு நடுவில் விழுந்திருந்தால் பக்கத்துப் பாதை வரை இழுக்கலாம். பாதை தொலைவு என்றால் விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும்.

☐ மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளையும் தடித்த ஸ்வெட்டரையும் விலக்கினேன். சேலை, சட்டைக்கு மேலேயே அழுத்தலாம். பெண் என்பதால் கை வைக்கத் தயங்க வேண்டாம், சுற்றியிருப்பவர்களும் தடுக்க வேண்டாம்.

☐ ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில். அதன்மேல் மறு கை, விரல்கள் கோத்து, விலா எலும்பில் படாமல். கை வயிற்றின்மீது இருந்தால் மேலே ஏற்றுங்கள்.

☐ முழங்கை மடங்கவில்லை. தோள் கைக்கு நேர் மேலே. இடுப்பிலிருந்து உடல் எடையால் அழுத்துகிறேன்.

☐ ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். பொம்மையில் சொடுக்கு ஒலி கேட்க வேண்டும்.

☐ ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட்டேன். களைத்ததும் எல்லாரும் அதன்மேல் சாய்கிறோம். சாய்ந்தால் இதயத்துக்குள் இரத்தம் திரும்பி வராது. பட்டியல் படிப்பவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருங்கள்.

☐ வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. முப்பது வரை எண்ணினால் "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று சொற்கள் நீண்டு கை மெதுவாகிவிடும். ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள்.

☐ 2 நிமிடம் ஆனதும் ஆள் மாற்றினேன். மாறப் போகிறவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் காத்திருந்தார். இடைவெளி 10 விநாடியைத் தாண்டவில்லை.

விலா எலும்பு "நறுக்" என்று முறியலாம். கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு கூடும்.

நான்காம் பகுதி: வாயால் மூச்சு

பழகியவர்கள், மனம் ஒப்புகிறவர்கள் செய்யலாம். மற்றவர்கள் இடைவிடாமல் அழுத்தினாலே போதும். ஆனால் தண்ணீர்த் தொட்டியிலோ குளத்திலோ மூழ்கியவருக்கு மூச்சு தேவை. அவருக்கு இரண்டு மூச்சு கொடுத்த பிறகே அழுத்தத் தொடங்க வேண்டும்.

☐ 30 அழுத்தம். பிறகு நெற்றியை அழுத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, இரண்டு மூச்சு. ஒவ்வொன்றும் ஒரு விநாடி.

☐ நெஞ்சு எழுந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். எழாவிட்டால் தலையைத் திருத்தி இன்னொரு முறை. அதற்கும் எழாவிட்டால் அழுத்தத்துக்குத் திரும்பினேன்.

ஐந்தாம் பகுதி: இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி கிடைத்தால்

☐ முதலில் கருவியை இயக்கினேன். அது பேசும், சொல்வதைச் செய்தேன். ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

☐ ஈரத்தைத் துடைத்து, வெறும் தோலில் ஒட்டுத்தாள்கள்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே.

☐ "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லி, கண்ணாலும் பார்த்து உறுதி செய்த பிறகே பொத்தானை அழுத்தினேன். அதிர்ச்சி கொடுத்த உடனே மறுபடியும் அழுத்தம்.

நிறுத்துவது எப்போது? அவர் அசைந்து சரியாக மூச்சு விட்டால், ஆம்புலன்ஸ் ஊழியர் பொறுப்பேற்றால், அல்லது நம் உடம்பில் தெம்பு அறவே தீர்ந்தால்.

கூடத்தை விட்டுப் போகும் முன்

☐ இடைநிற்காமல் 2 நிமிடம் அழுத்தினேன். முடியாதவர்கள் 11.15-க்கு என்னிடம் வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

☐ பொம்மையின் முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

☐ 108-க்குச் சொல்ல வேண்டிய என் வீட்டு வழியை, வளைவும் அடையாளமும் சேர்த்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். வாசற்கதவின் உள்பக்கம், என் பேரப்பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் ஒட்டப் போகிறேன்.