நீல விரல்

தீபாவளிக்கு முதல் நாள். வெள்ளவத்தைப் புடவைக் கடையில் கால் வைக்க இடமில்லை. காலையில் தொடங்கிய அப்டேட் பாதியில் நின்றுவிட, பில் போடும் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. மென்பொருள்காரர் போன் எடுக்கவில்லை.

"பழைய பில் புத்தகம் எங்கையடா தம்பி?" என்றார் முதலாளி.

பரணிலிருந்து தூசியோடு வந்தது. காபன் தாளைச் செருகி, சாறி லேபிளில் இருந்த விலையைப் பார்த்து எழுதினார். பார்கோட் எண்ணையும் பக்கத்தில் குறித்தார். இல்லாவிட்டால் பிறகு ஸ்டொக் கணக்குப் பிழைக்கும். கழிவெல்லாம் மனக்கணக்குத்தான். மூன்றாவது பில்லிலேயே விரல் நீலமானது.

கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒரு சின்னச் சட்டையை நீட்டினாள். "அண்ணை, பஸ்ஸுக்கு நேரமாச்சுது."

"தாங்கோ தங்கச்சி, முதல்ல உங்கட பில்லைப் போடுறன்."