வாய்க்கால் ஆழத்தை வைத்து எண்ணியல் முறைகள்: தேர்வுக்கு முந்தைய சுருக்கம்

அரசலாற்றில் பிரியும் ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அகலம் 2 மீட்டர், இரு கரையும் 1:1 சரிவு. ஓடும் நீரின் குறுக்குவெட்டுப் பரப்பு 5 ச.மீ. என்றால் ஆழம் y எவ்வளவு? y(2 + y) = 5, அதாவது

f(y) = y² + 2y − 5 = 0

இதற்கு √6 − 1 = 1.4494897 என்ற விடை நேராகவே கிடைக்கும். அதனால்தான் இதை எடுத்தேன். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று நீங்களே பார்க்கலாம்.

இருசமக்கூறிடும் முறை

f(1) = −2, f(2) = 3. குறி மாறுகிறது, f தொடர்ச்சியானது. எனவே மூலம் இடையில் இருக்கிறது.

| படி | a | b | நடு m | f(m) |
|---|---|---|---|---|
| 1 | 1 | 2 | 1.5 | 0.2500 |
| 2 | 1 | 1.5 | 1.25 | −0.9375 |
| 3 | 1.25 | 1.5 | 1.375 | −0.3594 |
| 4 | 1.375 | 1.5 | 1.4375 | −0.0586 |

f(m) எதிர்மறையானால் a-யை மாற்றுங்கள், நேர்மறையானால் b-யை. பலரும் சறுக்குவது இங்கேதான். இடைவெளி ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது. 10 படியில் 1/1024. மெதுவான முறை, ஆனால் கைவிடாது.

நியூட்டன்-ராப்சன் முறை

yₙ₊₁ = yₙ − f(yₙ)/f′(yₙ), இங்கே f′(y) = 2y + 2.

| n | yₙ | f(yₙ) | f′(yₙ) | yₙ₊₁ |
|---|---|---|---|---|
| 0 | 2 | 3 | 6 | 1.5 |
| 1 | 1.5 | 0.25 | 5 | 1.45 |
| 2 | 1.45 | 0.0025 | 4.9 | 1.4494898 |

f(yₙ) நிரலைப் பாருங்கள்: 3, 0.25, 0.0025. சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன. இந்த வேகம் எனக்கு இன்னும் வியப்புதான். ஆனால் y₀ = −1 என்று தொடங்கினால் f′ பூச்சியம், கணக்கு அங்கேயே நின்றுவிடும். y₀ = 3 வைத்து நீங்கள் போடுங்கள்: முதலில் 1.75, அப்புறம் 1.4659 வர வேண்டும்.

இடைச்செருகல்

மதகில் லஸ்கர் குறித்த நீர்மட்டம், செ.மீ. கணக்கில்:

| காலை மணி | y | Δy | Δ²y | Δ³y |
|---|---|---|---|---|
| 6 | 80 | 15 | 6 | −3 |
| 8 | 95 | 21 | 3 | |
| 10 | 116 | 24 | | |
| 12 | 140 | | | |

7 மணிக்கு எவ்வளவு? அட்டவணையின் தொடக்கத்தில் கேட்பதால் முன்நோக்கு வேறுபாடு. p = (7 − 6)/2 = 0.5, மணியை அப்படியே p-யாகப் போட்டுவிடாதீர்கள்.

y = 80 + 0.5(15) + (0.5)(−0.5)/2 · (6) + (0.5)(−0.5)(−1.5)/6 · (−3)
= 80 + 7.5 − 0.75 − 0.1875 = 86.56

சரி, 10 மணி அளவு தொலைந்துபோனால்? 6, 8, 12 என்று இடைவெளி சமமில்லை, எனவே லெக்ராஞ்சி முறை. x = 10-இல் கெழுக்கள் −1/3, 1, 1/3. கூட்டினால் 1 வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் மேலே போகவே வேண்டாம்.

y = −80/3 + 95 + 140/3 = 115

லஸ்கர் குறித்தது 116.