தோசைக்கல் ஏன் முந்திக்கொள்கிறது?

"ஓரலகு நிறையுள்ள ஒரு பொருளின் வெப்பநிலையை ஓர் அலகு உயர்த்தத் தேவைப்படும் வெப்ப ஆற்றலின் அளவே, அப்பொருளின் தன்வெப்ப ஏற்புத்திறன்."

நேற்று டியூஷனில் இதை மூச்சு விடாமல் ஒப்பித்தீர்கள். "சரி, அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். மறுபடியும் அதையே ஒப்பித்தீர்கள், இந்த முறை இன்னும் வேகமாக! அதனால் இன்று புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போவோம்.

ஒரு அடுப்பில் தோசைக்கல், பக்கத்து அடுப்பில் காபிக்குத் தண்ணீர். அம்மா கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார். சொட்டுகள் சுர்ரென்று சத்தம் போட்டு, ஓரம் சுருங்கிக் காணாமல் போகின்றன. கல் தயார். பக்கத்தில் தண்ணீரோ இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தீ ஒன்றுதான். பிறகு ஏன் கல் மட்டும் முந்திக்கொண்டது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். இரும்புக் கல்லின் நிறை 1 கிலோ, தண்ணீரும் 1 கிலோ, அதாவது 1 லிட்டர். இதுதான் அந்த 'ஓரலகு நிறை'. தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 4186 ஜூல் வேண்டும். இரும்புக்குச் சுமார் 450 ஜூல் போதும். அடுப்பிலிருந்து நொடிக்கு 1000 ஜூல் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர இரும்புக்கு அரை நிமிஷம், தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம். நிஜ அடுப்பில் காற்றோடு போகும் சூடும் உண்டு என்பதால் நேரம் இன்னும் இழுக்கும்.

இப்போது ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை டம்ளரிலேயே ஊற்றினால் விளிம்பு வரை வந்துவிடும். அதே அளவை அண்டாவில் ஊற்றினால் அடியில் விரல் நனைந்தால் பெரிது. ஊற்றிய தண்ணீர்தான் வெப்பம். அது நிற்கும் உயரம் வெப்பநிலை. பாத்திரத்தின் அகலம்தான் தன்வெப்ப ஏற்புத்திறன். இரும்பு, டம்ளர் மாதிரி; தண்ணீர், அண்டா மாதிரி. அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு அகலம். தேங்காய் எண்ணெய், தண்ணீரில் ஏறக்குறைய பாதி.

இந்த ஒப்புமையில் ஒரு பொய்யும் இருக்கிறது. வெப்பம் என்பது ஊற்றி வைக்கும் திரவம் இல்லை. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால் நீங்கள் அப்படி நினைத்தாலும் வெட்கப்பட வேண்டாம். வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்று 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

'ஓரலகு நிறை' என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? தீபாவளிக் கம்பி மத்தாப்பை நினைத்துப் பாருங்கள். பறக்கும் பொறிகளின் வெப்பநிலை 1000 டிகிரிக்கும் மேல். ஆனால் ஒரு பொறி கையில் பட்டால் சுருக்கென்று குத்திவிட்டுப் போய்விடும். 100 டிகிரி வெந்நீர் ஒரு டம்ளர் கொட்டினால் கை வெந்துவிடும். பொறியின் எடை தூசியளவுதானே, கொடுக்க அதனிடம் என்ன இருக்கிறது? (எரிந்து முடிந்த கம்பியைத் தொடாதீர்கள். அது தூசி இல்லை.)

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதிலும் தண்ணீருக்கு அதே குணம்தான். பாட்டியின் முழங்காலுக்கு வைக்கும் ரப்பர் பையில் 1 லிட்டர் வெந்நீர் 60 டிகிரியிலிருந்து 40க்கு ஆறுவதற்குள் 80,000 ஜூலுக்கும் மேல் கொடுத்துவிடும். அதே எடை இரும்பைச் சூடாக்கி வைத்திருந்தால் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும்.

மெரினாவில் மத்தியான மணலில் செருப்பில்லாமல் ஓடியிருப்பீர்கள். மணல் பொசுக்கும், அலையில் கால் வைத்தால் அப்பாடா என்றிருக்கும். தண்ணீரின் அகலமான அண்டா அங்கேயும் வேலை செய்கிறது. கடல் கலங்கிக்கொண்டே இருப்பதும், வெயில் அதற்குள் ஆழமாக இறங்குவதும் கூடச் சேர்ந்த காரணங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றுதான். பெரியவர் யாராவது கூட இருக்கும்போது, தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகும் அடுப்பை அணைக்காமல் இரண்டு நிமிஷம் தெர்மாமீட்டரைப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், உடைந்துவிடும். ஆய்வகத் தெர்மாமீட்டரை நான் தருகிறேன். தீ எரிந்துகொண்டே இருக்கும், பாதரசம் 100 பக்கத்திலேயே நின்றுவிடும். நம் அண்டாக் கணக்கு அங்கே உதவாது. அந்த வெப்பம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தோன்றுவதை, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள்.