பில் 214 பாக்கி: மாங்கூழ் ஆலையின் கணக்கு மேலாளரிடம் பேச வேண்டியது

அழைக்க வேண்டிய நாள் 2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பத்து மணிக்கு அழைத்தால் அவர் வங்கி வேலையில் இருப்பார். மாலையில் அழைத்தால் திங்களன்று பேசலாம் என்று முடித்துவிடுவார். பில், கையொப்பமிட்ட டெலிவரி சலான், அவர்களுடைய கொள்முதல் ஆணை ஆகிய மூன்றையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்ட பிறகே எண்ணை அழுத்த வேண்டும்.

தொடக்கம்

"வணக்கம் சார். பர்கூர் அட்டைப்பெட்டி ஆலையின் கணக்குப் பிரிவிலிருந்து பேசுகிறேன். ஐந்து நிமிடம் பேச இப்போது வசதிப்படுமா?"

வசதியில்லை என்றால், "பன்னிரண்டரைக்கு அழைக்கட்டுமா, மூன்று மணிக்கு அழைக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்தில் தவறாமல் அழைக்கவும்.

"ஜூன் 12 அன்று உங்கள் ஆலைக்கு 5,500 பெட்டிகள் அனுப்பியிருந்தோம் சார். பில் எண் 214, ஜிஎஸ்டி சேர்த்து 1,84,800 ரூபாய். உங்கள் கொள்முதல் ஆணையில் குறித்திருந்த 45 நாள் கெடு ஜூலை 27 அன்று முடிந்து, இன்றோடு 26 நாள் ஆகிறது. பில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா, எங்காவது நின்றிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

இதைச் சொன்னபின் பேசாமல் இருக்க வேண்டும். மௌனம் நீண்டால் நம் வாய் தானாகவே "பரவாயில்லை சார், மெதுவாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிடும். சென்ற ஆண்டு வேறொரு பாக்கியில் நானே அப்படிச் சொல்லி இரண்டு மாதம் இழந்திருக்கிறேன்.

"ஏற்றுமதிப் பணம் வரவில்லை, முதலில் மாங்காய் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டும்" என்றால்

இது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பெங்களூரா மாங்காய் வரத்து ஓய்ந்த கையோடு எல்லா ஆலைகளையும் இந்த நெருக்கடிதான் பிடிக்கும். ஆகையால் மறுத்துப் பேச வேண்டாம்.

"விவசாயிகளுக்கு முதலில் கொடுப்பது நியாயம்தான் சார், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் நாங்களும் காகித ஆலைக்கு இந்த மாத இறுதிக்குள் பணம் கட்டினால்தான் அடுத்த சுருள் இறங்கும். முழுத்தொகை ஒரே தவணையில் கடினம் என்றால், ஆகஸ்ட் 29 வெள்ளியன்று ஒரு லட்சமும், செப்டம்பர் 12 வெள்ளியன்று மீதி 84,800 ரூபாயும் அனுப்பி வைக்க இயலுமா?"

"பெட்டிகள் நனைந்திருந்தன" என்றால்

"எத்தனை பெட்டிகள் சார்? சலானில் சரக்கு நல்ல நிலையில் பெற்றதாகவே கையொப்பம் இருக்கிறது. இருந்தாலும் படம் அனுப்பினால் இன்றே முதலாளியிடம் காட்டுகிறேன். 300 பெட்டிகள் என்றே வைத்துக்கொண்டாலும் அதன் மதிப்பு வரியோடு 10,080 ரூபாய்தான். அந்தத் தொகையைப் பேசி முடிக்கும் வரை நிறுத்தி வைத்துக்கொண்டு, மீதி 1,74,720 ரூபாய்க்கு ஒரு தேதி சொல்லுங்கள்."

கிரெடிட் நோட் தருவதாக இந்த அழைப்பில் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதை நான் படம் பார்த்தபின் முடிவு செய்கிறேன்.

"பார்த்துச் செய்கிறோம்" என்றால்

இந்த ஒரு சொல்லோடு போனை வைத்துவிட்டால் அழைத்ததே வீண்.

"நன்றி சார். எங்கள் பதிவேட்டில் ஒரு தேதி எழுத வேண்டியிருக்கிறது. புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி என்பதால் வங்கி இருக்காது. 29 வெள்ளி என்று எழுதிக்கொள்ளட்டுமா? பணம் அனுப்ப ஒப்புதல் தருவது நீங்களா, முதலாளி ஐயாவா? அவர் கையொப்பமிட வேண்டும் என்றால், அவர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார்?"

குரல் உயர்ந்தால் நாம் உயர்த்தக் கூடாது. "உங்கள் சிரமம் புரிகிறது சார், தேதி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று அதே வேகத்தில் சொல்லவும். நாம் உத்யம் பதிவு பெற்ற உற்பத்தியாளர் என்பதும், 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆனால் அதை இன்று வாயில் எடுக்க வேண்டாம். அடுத்த பருவத்திலும் இவர்களுக்குத்தான் பெட்டி விற்க வேண்டும். சொன்ன தேதி தவறினால் அதை நான் கடிதத்தில் எழுதுவேன்.

முடிக்கும்போது

"சரி சார், ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். ஆகஸ்ட் 29 அன்று ஒரு லட்சம், செப்டம்பர் 12 அன்று 84,800, இரண்டும் நெஃப்ட் மூலம். பில்லில் உள்ள வங்கிக் கணக்கில் மாற்றமில்லை. பணம் அனுப்பியதும் யூடிஆர் எண்ணை மட்டும் தெரிவித்துவிடுங்கள். 28ஆம் தேதி காலை ஒரு நினைவூட்டல் அழைப்புச் செய்கிறேன். நன்றி சார், வணக்கம்."

போனை வைத்த பத்து நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது:

"வணக்கம் சார். இன்று பேசியபடி பில் 214க்கான தொகையில் 1,00,000 ரூபாய் 29.08.2025 அன்றும், 84,800 ரூபாய் 12.09.2025 அன்றும் வருவதாகக் குறித்துக்கொண்டோம். பில், சலான் நகல்களை இணைத்துள்ளோம். இதில் மாற்றம் இருந்தால் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்."

அவர் வேறு தேதியோ தொகையோ சொல்லியிருந்தால் இந்தச் செய்தியில் அதையே எழுதி, பதிவேட்டிலும் அவர் சொன்ன சொற்களிலேயே குறித்து வைக்கவும்.